ஏழாம் பதிப்பின் உடம்பு

மாரிக்கனியின் பெயரைக்கூட அழகுராஜா சொல்லவில்லை. எங்களிடம் துணி வேலை பார்க்கும் பெண் கவனக்குறைவாக இருந்துவிட்டாள், இனிமேல் நடக்காது என்று ஆங்கிலத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஹைதராபாத் கேம் கம்பெனியில் எட்டுப் பேர் வீடியோ அழைப்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இராஜபாளையத்தில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒன்றரை அடி தூரத்தில், அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் ஓர் அரசி கோட்டை மதிலிலிருந்து குதித்து, அந்தரத்தில் திரும்பி, வாளை ஓங்கியபடி தரையில் வந்து இறங்கினாள். பதினான்கு வினாடி. அவள் தோளிலிருந்து கேப் என்கிற சிவப்பு முதுகுத் துணி ஒன்று முழங்கால்வரை பறந்தது. வாள் மேலே போகும் நேரத்தில் இடது தோளின் கருப்புக் கவசம் அந்தச் சிவப்புத் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஹைதராபாத்காரர்கள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் வட்டம் போட்டிருந்தார்கள். துணிக்கு நடுவே கருப்பாக ஒரு மேடு. பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

மாரிக்கனிக்கு முகம் சுட்டது. அந்தக் கேப்பை அவள் நான்கு தடவை, ஒவ்வொரு பிரேமாக, முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்பியிருந்தாள். அவள் கணினியில் ஓர் இடத்தில்கூடத் துளைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவள் அதைத்தான் சொன்னாள். அழகுராஜா நாற்காலியைத் திருப்பாமலே, உன் மெஷினில் சரியாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், கேம் ஓடுவது அவர்கள் மெஷினில் அல்லவா என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் குனிந்து தங்கள் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த முஹம்மது அனஸ், அரசியைக் குதிக்கவைத்த அனிமேட்டர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஸ்டுடியோ தென்காசி சாலையில், பேண்டேஜ் துணி மூட்டைகள் ஏற்றி இறக்கும் ஒரு கோடவுனுக்கு மேல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு பேர். வெளியூர் கம்பெனிகளின் கேம்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் துண்டு துண்டாக வேலை செய்து அனுப்புவார்கள். அழகுராஜாவின் சொந்த இடம், அவரே மேற்பார்வையும். மாரிக்கனி சென்னையில் ஐந்து வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவள். மடவார் வளாகத்தில் வீடு. காலையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் இராஜபாளையம். இப்படி ஒரு வேலை இப்படி ஓர் ஊரில் கிடைத்ததை அவள் அதிர்ஷ்டம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

அவள் வேலை, கணினிக்குள் இருக்கும் துணியை அசையவைப்பது. கேப் என்பது ஆறாயிரம் புள்ளிகளால் ஆன ஒரு வலை. கழுத்தோரப் புள்ளிகளை அரசியின் தோளோடு குத்தி வைத்துவிட்டு, மற்றவற்றுக்குத் துணியின் கனம், விறைப்பு, காற்று எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அரசியின் உடம்பைக் காட்டி, இதில் நீ முட்டினால் வெளியே தள்ளப்படுவாய் என்றும் சொல்ல வேண்டும். பிறகு கணினி கணக்குப் போடும். பிரேமுக்குப் பிரேம் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து எழுதி வைக்கும். அப்படி எழுதி முடித்த கோப்பைத்தான் கேஷ் என்பார்கள். அதை எழுதுவதற்குப் பேர் பேக் பண்ணுவது. பேக் ஆன பிறகு அந்தக் கேப் எதையும் யோசிக்காது. எழுதி வைத்த இடத்துக்கு எழுதி வைத்த நேரத்தில் போகும், அவ்வளவுதான். எதிரே உடம்பு இருக்கிறதா, கல்தூண் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கேம் ஓடும்போது இவ்வளவு கணக்கையும் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு.

அதனால்தான் ஒப்பந்தம் ஆன முதல் வாரத்திலேயே அவள் அழகுராஜாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நம்மிடம் இருக்கிற உடம்பும் அவர்கள் கேமில் இருக்கிற உடம்பும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்று அவர் சொன்னார். அவள் நம்பினாள்.

மஞ்சள் வட்டம் போட்ட படங்களை அவளுக்கு அனுப்பிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே துணியை வெளியே இழுத்துவிடச் சொன்னார் அழகுராஜா. துளைக்கிற ஒவ்வொரு பிரேமிலும் தோள் பக்கத்துப் புள்ளிகளை இழுத்து, இழுத்த இடம் முன்பின் பிரேம்களோடு ஒட்டிப் போகும்படி மழுப்ப வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்து பக்கங்களைச் சரசரவென்று விடுவது மாதிரியான வேலை. மூன்று நாள் அதைச் செய்தாள். எவ்வளவு இழுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. தன் திரையில் துளைக்காத துணியை, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டைத் தாண்டி இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அனுப்பினாள்.

மறுநாள் புதிய படங்கள் வந்தன. இடது தோள் சரியாகிவிட்டது. ஆனால் வலது இடுப்பில் துளைத்தது. தோளில் இழுத்த துணி இப்போது பலகை மாதிரி விறைத்து நிற்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

அழகுராஜா அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். இந்த ஷாட்டைச் சென்னையில் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கப் போவதாகவும், அவள் நாளையிலிருந்து வேறொரு கார்ட்டூனுக்குப் பின்னணிப் படங்களில் பிசிறுகளைத் துடைக்கும் வேலையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சேர்ந்த மாதம் ஆட்களுக்குப் பழகக் கொடுக்கிற வேலை அது.

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க சார்" என்றாள் மாரிக்கனி.

"தப்புன்னு யாரும் சொல்லல மாரி. உனக்குக் கொஞ்ச நாள் ரெஸ்ட் வேணும், அம்புட்டுதான்."

மாரிக்கனி திரும்பி வந்து கணினியை அணைத்தாள். அனஸ் எதையோ சொல்ல வாயெடுத்தவன் மாதிரி நிமிர்ந்தான்; பிறகு ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். கீழே லாரியில் பேண்டேஜ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அவள் இறங்கி வருவதைப் பார்த்து வழிவிட்டார்கள்.

அவள் கணவன் காசிராஜன் போலீஸில் ஏட்டு. கொஞ்ச நாளாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் டியூட்டி. சாட்சிகளைக் கூட்டி வருவது, வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நீதிபதி அறை வாசலில் நிற்பது என்று நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் வந்து பூட்ஸைக் கழற்றும்போது அவள் அடுப்படியில் பாத்திரங்களை இறக்கிவைக்கிற சத்தத்திலேயே ஏதோ நடந்திருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கேஷ் என்று அவள் சொன்னதை முதலில் அவர் பணம் என்று நினைத்துக் குழம்பினார். அவள் கோபத்தோடே விளக்கினாள்.

கேட்டு முடித்து அவர் கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாத்தது உன் எடத்துல. குத்துறது அவிய எடத்துல. ரெண்டு உடம்பும் ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"

"அவருதான்."

"எழுத்துல இருக்கா?"

இல்லையென்று மாரிக்கனி தலையை ஆட்டினாள்.

"வாயால சொன்னது கோர்ட்டுல நிக்காதுட்டி. சம்பவம் நடந்த எடத்தை நீ பாக்கவே இல்ல."

இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து வருட அனுபவத்தில் வேறு யாராவது இப்படி ஏமாந்திருந்தால் அவளே சிரித்திருப்பாள். மோதுகிற உடம்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மனிதனின் வாய்வார்த்தையை நம்பி, இதையும் இதற்கு முந்தைய இரண்டையும் சேர்த்து மூன்று ஷாட் பேக் பண்ணியிருக்கிறாள். அழகுராஜா மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு அன்றைக்குத் தன் மேலேயே திரும்பியது. அதனால் அவர் மேல் இருந்தது குறைந்துவிடவும் இல்லை.

ஸ்டுடியோவில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளருக்கு அழகுராஜா மட்டும்தான் எழுதுவார். மறுநாள் காலை மாரிக்கனி பின்னணி துடைக்கும் வேலையைத் திறந்து வைத்துவிட்டு, முதல் காரியமாக அந்த விதியை மீறினாள். ஹைதராபாத் கடிதங்களில் தொழில்நுட்பப் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது. நூர்பானு. அவளுக்கு நான்கே வரி எழுதினாள். கேப் வேலை செய்கிறவள் நான். நான் பயன்படுத்திய உடம்பை, வாள் மேலே போகும் பிரேமில் நிறுத்தி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதே பிரேமில் உங்கள் கேமில் இருக்கிற உடம்பை எனக்கு அனுப்ப முடியுமா? இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

பதினொன்றரை மணிக்குப் பதில் வந்தது. பதில் தமிழிலேயே இருந்தது. நூர்பானுவுக்குத் தேனி பக்கம். நீங்கள் அனுப்பியிருப்பது ஐந்தாம் பதிப்பு உடம்பு, நாங்கள் ஜூன் பதினொன்றாம் தேதியே ஏழாம் பதிப்பை அனுப்பிவிட்டோமே என்று எழுதியிருந்தாள். கவசத்தை மாற்றி வரைந்ததில் தோள்பட்டையும் முதுகும் தடித்திருக்கின்றன, இடுப்பில் ஒரு பட்டை கூடியிருக்கிறது, உள்ளே உடம்பை அசைக்கிற எலும்புக்கூடு மாறவில்லை. அந்தப் பழைய கடிதத்தையும் கீழே ஒட்டியிருந்தாள். பெறுநர் இடத்தில் அழகுராஜா. நகல் இடத்தில் முஹம்மது அனஸ்.

மாரிக்கனி இரண்டு உடம்புகளையும் ஒரே இடத்தில் வைத்தாள். பழையதற்கு நீலம், புதியதற்குக் கருப்பு. நீல உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் கருப்பு பிதுங்கி நின்றது. இடது தோளில் அளந்தாள். இரண்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும். அவள் துணி தோளிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்படிதான் பேக் ஆகியிருந்தது. தன் கேப்பையும் மேலே கொண்டுவந்து போட்டாள். மஞ்சள் வட்டத்துக்குள் இருந்த அதே மேடு, அதே இடத்தில், அவள் திரையில் எழும்பி நின்றது.

எலும்புக்கூடு மாறாததால்தான் இது அசைவு வேலையில் வெளியே தெரியவில்லை. அனஸ் அனுப்புவது எலும்புகளின் அசைவை மட்டும். அந்த அசைவு எந்தப் பதிப்பின் உடம்புக்கும் பொருந்திவிடும். கேப் அப்படி இல்லை. அது பழைய உடம்பை முட்டி முட்டி எழுதிய கேஷ். புதிய உடம்பின் மேல் போட்டால் துளைக்காமல் என்ன செய்யும்?

அனஸ் அவள் திரையைப் பார்த்துவிட்டான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். ஜூனிலேயே ஏழாம் பதிப்பைப் போட்டுப் பார்த்ததாகவும், தன் அசைவு ஒத்துப்போனதால் விட்டுவிட்டதாகவும், துணிக்கு இது தெரிய வேண்டாமா என்று அழகுராஜாவிடம் கேட்டதாகவும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அன்னைக்கு எட்டுப் பேரு முன்னாடி அவரு என்னைய சொன்னப்ப உனக்குத் தெரியும்" என்றாள் மாரிக்கனி.

"தெரியும்க்கா."

"மூணு நாளு நான் ஒவ்வொரு பிரேமா இழுத்துக்கிட்டு கெடந்தப்பவும் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவளால் இளக முடியவில்லை. செட்டியார்பட்டிக்கு அவன் திரும்புகிற நேரத்தில் மழை பிடித்தால் பைக்கை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு அவளுடைய குடையைத்தான் வாங்கிக்கொண்டு போவான். அவன் தங்கை ஷிஃபாவுக்குப் பிறந்தநாள் என்று அவன் அம்மா செய்து கொடுத்துவிட்ட வட்டிலப்ப இனிப்பை அவள் வீட்டில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அழகுராஜா முதலாளி, அவர் செய்ததில் ஒரு கணக்காவது இருக்கிறது. இவன் சும்மா இருந்ததுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

அழகுராஜா தன் வீட்டாரோடு தெலுங்கில் போன் பேசி முடிக்கும்வரை அவள் அவர் மேசை முன்னால் நின்றாள். பிறகு மடிக்கணினியைத் திருப்பி வைத்து நீலத்தையும் கருப்பையும் காட்டினாள். ஜூன் பதினொன்றாம் தேதிக் கடிதத்தையும் காட்டினாள். அவர் முதலில், வாடிக்கையாளருக்கு நீ எப்படி எழுதலாம் என்றுதான் கேட்டார். அவள் கடிதத்தின் தேதியில் விரலை வைத்தபடியே நின்றாள். 

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒத்துக்கொண்டார். அந்தக் கடிதம் வந்தபோது இரண்டு ஷாட் பேக் ஆகி முடிந்திருந்தது. மூன்றாவது பாதியில் இருந்தது. எல்லாவற்றையும் புது உடம்பில் திரும்பச் செய்வதென்றால் சொன்ன தேதியில் கொடுக்க முடியாது. முதல் இரண்டிலும் அரசி கேமராவைப் பார்த்து நிற்கிறாள், முதுகு தெரியாது, அதனால் தப்பித்துவிடும். மூன்றாவதிலும் தப்பித்துவிடும் என்று எண்ணினாராம்.

"ரெண்டு சென்டிமீட்டர்தானேன்னு நெனச்சேன் மாரி."

"நெனச்சது நீங்க. கவனக்குறைவுன்னு பேரு வாங்குனது நானு."

இருபத்திரண்டு குடும்பம் இந்த இடத்தை நம்பி இருக்கிறது, ஹைதராபாத் கம்பெனி கைநழுவிப் போனால் யார் பதில் சொல்வது என்று அவர் ஆரம்பித்தார். அது பொய்யும் இல்லை. அவர் பயந்துதான் போயிருந்தார்; குரலில் தெரிந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு பலி கொடுக்க அவர் கைக்கு அகப்பட்டவள் தான்தான் என்பதை மாரிக்கனி விடுவதாக இல்லை. அந்த எட்டுப் பேர் முன்னால் சொன்னதை அதே எட்டுப் பேர் முன்னால் திருத்திச் சொல்ல வேண்டும், அப்படியானால் ஷாட்டை நானே முடித்துத் தருகிறேன் என்றாள். சொல்கிறேன், முதலில் முடி என்றார் அழகுராஜா.

அவள் கையால் இழுத்த திருத்தங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கோபத்தில் அவளுக்கு வேலை தப்பாது. இன்னும் கூர்மையாகத்தான் ஓடும். ஏழாம் பதிப்பு உடம்பை அனஸின் அசைவோடு ஓடவிட்டு, அந்த ஓட்டத்தை அப்படியே மோதும் பொருளாக வைத்தாள். அரசி கைகளை விரித்து நிற்கும் நிலையிலிருந்து ஷாட்டின் முதல் பிரேம் நிலைக்கு நாற்பது பிரேமில் மெல்ல வரும்படி முன்னால் ஓர் ஓட்டம் சேர்த்தாள். துணி தோளில் படிந்து அமைதியாக அந்த அவகாசம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிரேமிலேயே கேப் உதறிக்கொண்டு கிளம்பும். அந்தரத்தில் திரும்புகிற இடத்தில் தோள் ஒரே பிரேமில் ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அவ்வளவு தூரத்தை ஒரே தாவலாகக் கணக்குப் போட்டால் துணி உடம்பின் அந்தப் பக்கம் போய்விட்டதைக் கணினி கவனிக்காது. அதனால் ஒவ்வொரு பிரேமையும் எட்டுப் படிகளாக உடைத்தாள். இடைப்பட்ட படிகளில் உடம்பும் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஓட்டினாள். தோள் சுத்தம். இடுப்பு சுத்தம். ஆனால் தரையில் இறங்கியதும், இருநூற்றுத் தொண்ணூறாம் பிரேம் வாக்கில், இடது அக்குளுக்குக் கீழே துணி பைத்தியம் பிடித்த மாதிரி துடித்தது. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். புதிய உடம்பின் விலாக் கவசம் தடித்துவிட்டதால், முழங்கை அதற்குள்ளேயே புதைந்திருந்தது. நடுவில் மாட்டிய துணியை விலா கைப்பக்கம் தள்ளியது, கை விலாப்பக்கம் தள்ளியது. போக இடமே இல்லாதபோது எந்தக் கணக்கும் உதவாது.

அவள் அனஸைப் பார்த்துப் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இருநூற்று எண்பதிலிருந்து முந்நூறுவரை இடது முழங்கையை உடம்பை விட்டு வெளியே திறக்க வேண்டும், துணி நுழைகிற அளவு. அவன் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஐந்து டிகிரி திறந்தான். போதாது என்றாள். இன்னும் இரண்டு டிகிரி திறந்து, தோளையும் சற்று ஏற்றி, இறங்குகிற கனம் குறையாதபடி சரிசெய்தான். நல்ல வேலைக்காரன். அதை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. மாற்றிய நிலைக்கு ஹைதராபாத்தின் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் அடுத்த பேக்கை ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் நூர்பானுவிடம் இன்னொன்றும் கேட்டாள். கேஷில் வினாடிக்கு முப்பது நிலைகள் இருக்கின்றன. உங்கள் கேம் எத்தனை காட்டும்? அறுபது என்று பதில் வந்தது. இரண்டு நிலைகளுக்கு நடுவில் கேம் புள்ளிகளை நேர்க்கோட்டில் நகர்த்திக்கொள்ளும். உடம்பு வேகமாகத் திரும்பும்போது தோள் வளைவாகப் போக, துணி குறுக்கே நேராகப் போனால் நடுவில் ஒரு கணம் துளைக்கும். மாரிக்கனி முழு ஷாட்டையும் வினாடிக்கு அறுபது நிலைகளாக மறுபடி பேக் பண்ணினாள். கோப்பு இரண்டு மடங்கானது. நூர்பானு அதைக் கேமில் போட்டு, அரசியைச் சுற்றிச் சுற்றி எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து அனுப்பினாள். ஓர் இடத்திலும் கருப்பு எட்டிப் பார்க்கவில்லை. தோளுக்கு மேல் துணி புரண்டு, வாளின் பின்னால் இழுபட்டு, தரையில் இறங்கும்போது ஒரு தடவை மேலெழும்பிப் படிந்தது.

புதன்கிழமைக் கூட்டத்தில் அதே எட்டுப் பேர். எல்லோருக்கும் ஷாட் பிடித்துவிட்டது. அழகுராஜா தொண்டையைச் செருமினார். மாரிக்கனி அவர் முதுகுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றாள். கோப்புகளில் சின்னதாக ஒரு பொருத்தக்கேடு இருந்தது, எங்கள் குழு இரவு பகலாக உழைத்துச் சரிசெய்துவிட்டது என்றார் அவர். அடுத்த ஷாட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

மாரிக்கனி நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்து மைக்கின் பக்கம் குனிந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராது. சொல் சொல்லாகப் பொறுக்கித்தான் பேசினாள். என் பெயர் மாரிக்கனி. போன வாரம் கவனக்குறைவு என்று சொல்லப்பட்ட பெண் நான்தான். ஏழாம் பதிப்பு உடம்பு ஜூன் பதினொன்றாம் தேதி இந்த ஸ்டுடியோவுக்கு வந்தது. எனக்குத் தரப்படவில்லை. நீங்கள் நூர்பானு மூலமாக அனுப்பிய பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். முதல் இரண்டு ஷாட்டுகளும் பழைய உடம்பில்தான் பேக் ஆகியிருக்கின்றன. கேமராவை நகர்த்தினால் அவையும் துளைக்கும்.

அந்தக் கடைசி வரியைச் சொல்ல வேண்டும் என்று அவள் முன்கூட்டியே நினைக்கவில்லை. ஆனால் அது உண்மை. சொல்லாமல் விட்டால் தானும் ஒருவகையில் அழகுராஜாதான் என்று அந்தக் கணத்தில் தோன்றிவிட்டது.

 ஹைதராபாத்காரர்களில் மூத்தவர், சொன்னதற்கு நன்றி, அந்த இரண்டையும் திரும்பச் செய்ய எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். அவள் ஆறு நாள் என்றாள். கொடுத்தார்கள். தேதி தள்ளிப் போகும் என்று அழகுராஜா ஒன்றரை மாதமாகப் பயந்த விஷயம், கேட்டதும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

திரை அணைந்ததும் அவர் எழுந்தார். இந்தத் தடவை சத்தம் போட்டார். என் இடத்தில் நின்றுகொண்டு என்னையே காட்டிக்கொடுக்கிறாயா, நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"திருத்திச் சொல்றேன்னீங்க சார். சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தாள்.  சனிக்கிழமை காலையில் அழகுராஜாவே போன் செய்தார். ஹைதராபாத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், மீதி ஷாட்டுகளில் கேப் வேலைக்கு உன்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கோபத்தில் பேசிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். தானும் கோபத்தில்தான் இருப்பதாக அவள் சொன்னாள். வருவதாக இருந்தால் இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும்: எந்தப் பதிப்பு உடம்பு என்று வாடிக்கையாளர் கையால் எழுதித் தராமல் எந்த ஷாட்டும் துணிக்கு வரக்கூடாது, அசைவு முடிவாகிவிட்டது என்று அனிமேட்டர் எழுதிய பிறகு யாரும் அரசியின் ஒரு விரலைக்கூட நகர்த்தக்கூடாது. அவர் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் மெயில் வந்தது. ஆங்கிலம் வறட்சியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் இருந்தன. நகல் இடத்தில் நூர்பானுவின் பெயரும் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அழகுராஜா கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கும் அவளுக்கும் இனி வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருக்காது என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

அனஸ் நான்காவது ஷாட்டைத் திறந்து வைத்திருந்தான். அவள் கணினியை முடுக்கி, முதல் ஷாட்டின் பழைய கேஷை அழித்து, ஏழாம் பதிப்பை உள்ளே கொண்டுவரும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் கோவமாக்கா?"

"ஆமா."

அவன் தலையசைத்தான். 

"மத்தியானத்துக்குள்ள நாலாவதை முடிச்சு எழுதிக் குடு" என்றாள் மாரிக்கனி. "பொறவு மாத்துனேன்னு வந்து நிக்காத."

சரிக்கா என்று சொல்லிவிட்டு அவன் அரசியின் இடது முழங்கையைப் பிடித்து, விலாவை விட்டு வெளியே திறக்க ஆரம்பித்தான்.